பின்வாசல் தாழ்ப்பாள்

வீட்டுக்கு விடை சொல்லும் வார்த்தைகளை நான்தான் எழுத வேண்டும் என்று மூத்தார் வந்து சொன்னபோது, கிணற்றடியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மூத்தார் என்பது என் வீட்டுக்காரருடைய அண்ணன். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர், சொல்லித்தான் பழக்கம்.

"இன்னாம்மா, நீதான் இஸ்கோலு படிச்சவ. அப்பா வாயாலயே சொல்வாரு. எங்களுக்கு அதெல்லாம் வராது. நீ எழுதி, நீயே படிச்சுடு."

படிப்பு என்றால் பெரிய படிப்பு ஒன்றுமில்லை. கடற்கரையோரம் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும். ஆனால் இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து தெருவே என்னைத் தாசில்தார் போல நடத்தியது. மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து கோயில் நோட்டீஸ் படிப்பது வரைக்கும் என் தலையில்தான் விடியும். இப்போது வீட்டையே வழியனுப்பும் வேலையும் வந்து சேர்ந்தது.

இராயபுரத்தில் கல்மண்டபத்துக்குக் கிழக்கே, கடலைப் பார்த்துப் பின்வாசல் வைத்த ஓட்டு வீடு அது. என் மாமனார் படகுக்காரர். கப்பல்கள் தூரத்தில் நின்று, மூட்டைகள் படகில் கரைக்கு வந்த காலத்தில் கட்டியது. அப்புறம் கப்பல்கள் துறைமுகத்துக்குள்ளேயே வந்து நிற்க ஆரம்பித்தன. படகுத் தொழில் படுத்துவிட்டது. மூத்தார் துறைமுக வேலைக்குப் போனார். கொழுந்தன் ரயில் பட்டறைக்குப் போய் பெரம்பூரில் குடியேறினான். நாத்தனார் கட்டிக்கொண்டு திருவொற்றியூர் போனாள். என் வீட்டுக்காரர் மட்டும் கடலை விடமாட்டேன் என்று கட்டுமரம் ஏறினார். ஒரு ஐப்பசி மழையில் போனவர் திரும்பவில்லை. கூடப் போனவருடைய உடல் கிடைத்தது. காத்திவாக்கம் கரையில் கட்டுமரத்தின் ஒரு கட்டை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை.

வைக்கோலில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சில வருஷம் கழித்துச் சொன்னார்கள். வைக்கோலுக்கு வேண்டுமானால் காரியம் செய்யுங்கள், அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. என் வாய்க்கு அவ்வளவு மரியாதை.

அந்தப் பின்வாசலை நான் ஒரு நாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை. வந்தால் அவர் அந்த வழியாகத்தான் வருவார்; நனைந்து வருகிறவரை வாசலில் நிற்கவைத்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் தாழ்ப்பாளைத் தேட முடியுமா? மாமனார் மாமியார் போன பிறகு அத்தனை பெரிய வீட்டில் நான் ஒருத்திதான். ஒருத்திக்குச் சமைப்பது மாதிரி ஒரு தண்டனை கிடையாது. துறைமுகத்துச் சங்கு ஊதினால் யாராவது வருவார்கள் என்பது போல எழுந்து உட்காருவேன். யாரும் வரமாட்டார்கள். மறுபடி படுப்பேன்.

வீட்டை வாங்கியவர் ரங்கூன் அரிசி வியாபாரி. சுவர்களை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப்போகிறார். காணாமல் போன பங்காளி நாளைக்கு வந்து பாகம் கேட்டால் யார் பொறுப்பு என்று அவருடைய வக்கீல் கேட்டார். அதனால் பத்திரத்தில் என் வீட்டுக்காரரைக் 'காலஞ்சென்ற' என்று எழுதினார்கள். அதன் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். கொழுந்தன் குடும்பத்துக்கு இருக்க இடமில்லை, மூத்தாருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. எல்லோரும் என் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். பத்திரத்துக்கு அவர் செத்துப்போகட்டும், எனக்கு இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

விடை சொல்வதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வெளியேறும் நாளில் எல்லோரும் கூடி, அந்த அடுப்பில் கடைசியாகப் பொங்கிச் சாப்பிட வேண்டும். பிறகு விளக்கேற்றி, ஒருவர் வீட்டிடம் பேச வேண்டும். முதலில் மன்னிப்பு: ஆணி அடித்ததற்கு, கதவை உதைத்ததற்கு, கிணற்றைத் திட்டியதற்கு. அடுத்து நன்றி. கடைசியில்தான் பெரிய காரியம். அந்த வீட்டைச் சேர்ந்த செத்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, எங்களோடு வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் அவருக்கு நெருங்கின உறவு, அவருக்குப் பதிலாக "வந்தேன்" என்று சொல்லி, அடுப்புச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்துத் துணியில் முடிந்துகொள்ள வேண்டும். கூப்பிடாமல் விட்டவர் அங்கேயே தங்கிவிடுவார், புதிதாக வருகிறவர்களுக்கு நடுவில் முகம் தெரியாமல் அலைவார் என்பது நம்பிக்கை.

மன்னிப்பும் நன்றியும் எழுதச் சிரமமே இல்லை. இத்தனை வருஷம் அந்தச் சுவர்களோடுதானே பேசிக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீர்க் கிணறே, உன்னால் என் பருப்பு ஒரு நாளும் ஒழுங்காக வேகவில்லை, ஆனாலும் நீ வற்றவில்லை என்று எழுதினேன். மழைக்கு ஒழுகிய இடத்தையெல்லாம் குறிப்பிட்டு, அத்தனைக்கும் பாத்திரம் வைத்தது நான்தான் என்றும் எழுதினேன். நன்றி சொல்லும்போது கொஞ்சம் கணக்குத் தீர்த்துக்கொள்வதில் தப்பில்லை.

செத்தவர்கள் பேரை எழுதி முடிக்கும் இடத்தில் கை நின்றுவிட்டது.

கூடுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் மூத்தார் வந்தார். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தம்பி பேரு வரலியே?"

"உயிரோட கீறவரச் செத்தவங்களோட சேத்துக் கூப்டா, அவரு ஆயுசு இன்னா ஆவறது மாமா?"

"செத்தவன இங்கியே உட்டுட்டுப் போனா, அவன் இன்னா ஆவறது? நாளைக்கு இடிச்சுடுவானுங்கம்மா. மூட்டைக்கு நடுவுல எம் தம்பி எங்கேன்னு குந்துவான்?"

அந்த மனுஷன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கோபமாக வந்தது. அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் கோபம் வந்திருக்காது.

அவர் போனபின் இன்னொன்றும் உறைத்தது. படித்தவள் என்று என்னைப் பிடித்தார்களே, பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கே வரவில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து "இந்தாங்க"தான். அவசரமாகக் கூப்பிட வேண்டுமானால் பாத்திரத்தைத் தட்டுவேன். அவர் பேரை நான் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. அந்தத் தாளில் ஒரு வரிக்கு இடம் விட்டு மடித்து வைத்தேன்.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சோற்றைப் போட்டு அதை அடக்கினேன். சாப்பிட்டு முடித்து விளக்கேற்றினோம். நான் படித்தேன். கிணற்றுப் பருப்புக்குச் சிரித்தார்கள். ஒழுகலுக்குக் கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமனார் பேரைக் கூப்பிட்டேன். "வந்தேன்" என்று மூத்தார் சாம்பல் எடுத்தார். மாமியாரைக் கூப்பிட்டேன், நாத்தனார் சொன்னாள். கள்ளுக்கடையே கதியென்று கிடந்த சின்ன மாமனாரைக் கூப்பிட்டபோது, "வந்தேன், மெதுவாத்தான் வருவேன்" என்றான் கொழுந்தன்; அவர் நடை எல்லோருக்கும் தெரியும். மூத்தாருடைய முதல் குழந்தை பேர் வைப்பதற்கு முன்பே போனது. "பாப்பா" என்று கூப்பிட்டேன். என் ஓரகத்தி, மூத்தாருடைய பெண்டாட்டி, எத்தனையோ பிள்ளைகள் பெற்ற பிறகும் அந்த ஒன்றுக்காக, குழந்தைக் குரல் மாதிரி சின்னதாக "வந்தேன்" என்றாள்.

அடுத்து அந்த வெற்று வரி.

நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "அண்ணி, நீ சொல்லவேணாம். அண்ணன் பேர நான் கூப்புடறேன்."

வேண்டாம் என்றேன். தாளை விளக்கடியில் வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன். கதவு எப்போதும் போல வெறுமனே சாத்தியிருந்தது. திறந்தேன். திரும்பி, "இவருக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது. இருந்தா அவரே சொல்லட்டும்" என்றேன்.

பிறகு அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். செத்தவரைக் கூப்பிடுகிற மாதிரி இல்லை. சோறு ஆறுகிறது, வாருங்கள் என்று கூப்பிடுகிற மாதிரி. அந்தப் பேர் என் வாயில் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது. இன்னொரு தடவையும் கூப்பிட்டேன்.

காத்திருந்தோம். மணலில் வலை காயப்போட்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். துறைமுகத்தில் எங்கேயோ சங்கிலி இழுக்கும் சத்தம். பின்னால் ஒரு குழந்தை சிணுங்க, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். எனக்கு நேரம் கொடுத்தார்கள், அந்த ஒன்றுக்கு இன்றைக்கும் அவர்களை வாழ்த்துகிறேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். வாசலுக்கு யாரும் வரவில்லை. இதுவரை அவரை நான் காத்திருக்க வைக்கவில்லை, அவர்தான் என்னை வைத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசலில் நின்றபோதுதான், ஒருவேளை அவரும் நான் கூப்பிடுவதற்காகத்தான் இத்தனை வருஷம் நின்றாரோ என்று தோன்றியது. அந்த நினைப்பைத் தாங்க முடியவில்லை.

உள்ளே வந்து அடுப்பின் முன் உட்கார்ந்தேன்.

"வந்தேன்" என்று சொன்னேன்.

மூத்தார் "ஐயோ" என்று சுவரில் சாய்ந்துகொண்டார். நாத்தனார் என் கழுத்துத் தாலியைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தாள். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது; காலையில் பொங்கியது நான்தான். சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிந்தேன்.

விளக்கை மூத்தார் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்தார், எல்லோரும் பின்னால் போனார்கள். கடைசியாக நான் மட்டும் திரும்பிப் போய்ப் பின்வாசல் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையவே இல்லை. இரண்டு கையாலும் அழுத்தித்தான் போட்டேன்.