ஆறு லட்சம் என்று எழுதச் சொன்னவர்

அனுசுயா பேங்கில் வாங்கிய படிப்புக் கடன் நான்கு லட்சம். கொடுக்க வேண்டியதோ ஐந்து லட்சத்து இருபத்தெட்டாயிரம். முதல் தவணை கட்டும் முன்னேயே ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் வட்டியாக ஏறி உட்கார்ந்திருந்தது.

அவளுடைய அப்பா கொம்பையாவுக்குக் கணக்கு தெரியாது என்று எவனும் சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு வந்து, கோவில்பட்டியில் மணல் சுமந்து, பிறகு சொந்தமாக அச்சு வாங்கிக் கிணற்றுக்கும் கழிவறைத் தொட்டிக்கும் சிமெண்ட் உறை வார்த்தவர். அவர் வார்த்த உறையில் விரிசல் கண்டவன் அந்தத் தாலுகாவில் கிடையாது. கணக்கும் அப்படித்தான். பேங்கிலிருந்து வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். நூற்றுக்கு மாதம் எண்பது காசு வட்டி. வருஷத்துக்கு ஒரு லட்சமாக நாலு தடவை கல்லூரிக்குப் போனது. முதல் லட்சத்துக்கு ஐம்பத்தெட்டு மாசம், அடுத்ததுக்கு நாற்பத்தாறு, முப்பத்துநாலு, இருபத்திரண்டு. எல்லாம் சேர்த்தால் நூற்று அறுபது மாசம். மாசம் எண்ணூறு. ஒன்று இருபத்தெட்டு.

கணக்கு சரி. அதுதான் அவருக்குக் கோபத்தைக் கூட்டியது. தப்பாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்க்கலாம்.

"படிக்கும்போது கட்ட வேண்டாம்னுதானடி சொன்னாவ? வேலைக்கு ஒரு வருஷம் டைம் உண்டுன்னாவ?"

"கட்ட வேண்டாம்னுதான்ப்பா சொன்னாங்க. ஏறாதுன்னு சொல்லலை," என்றாள் அனுசுயா. கோயம்புத்தூரில் பதினேழாயிரம் சம்பளம். அதில் மாசம் ஆறாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று பத்து வருஷத்துக்குப் போகும். அறை வாடகையும் சாப்பாடும் போக அவள் கையில் பஸ் காசுகூட நிற்காது.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியவர் சிமெண்ட் கடை பால்ராஜ். மாடி வீடு, இரண்டு லாரி, கழுத்தில் புலிநகம். அவருடைய மகனும் அதே கல்லூரி, அதே பேங்க், அதே நாலு லட்சம்.

"நம்ம பயலுக்கு நாலு நாலாத்தான் நிக்கி மச்சான். வட்டி பூரா கவர்மெண்ட் கட்டிட்டு. உமக்குக் கட்டலையா?"

மறுநாள் காலை கொம்பையா, லீவுக்கு வந்திருந்த மகளையும் இழுத்துக்கொண்டு, பேங்கு கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

கடன் மேசையில் ஜெனிஃபர் என்ற நாகர்கோவில் பெண் இருந்தாள். அவர் உட்காரவில்லை.

"லாரி வச்சிருக்கிறவனுக்கு வட்டி கிடையாது, சிமெண்ட் சுமக்கிறவனுக்கு உண்டு. இது எந்த ஊரு நியாயம்மா? எத்தனை பேரு வட்டிய முழுங்குனிய?"

"கத்தாதீங்க ஐயா. அந்த வட்டி மானியம், வீட்டு வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு. தாசில்தார் சான்றிதழ் பார்த்துத்தான் நாங்க அனுப்புவோம்."

"நாலரையா? எனக்கு வருஷத்துக்கு ரெண்டரை நின்னா பெருசு தாயி! சிமெண்டு, ஜல்லி, கூலி போக என்ன இருக்கு?"

ஜெனிஃபர் பீரோவிலிருந்து ஒரு கோப்பு எடுத்துப் புரட்டினாள். ஒரு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஆறு லட்சம்னு இருக்கே ஐயா."

கொம்பையா தாளைப் பார்த்தார். தாளில் அவர் பெயர், அப்பா பெயர், தெரு, எல்லாம் சரி. கீழே ஆறு லட்சம்.

சான்றிதழ் கேட்கப் போன நாள் அவருக்குக் கண்முன் வந்தது. இ-சேவை மையத்தில் இருந்த பிள்ளை, கேட்காமலே, "எழுபத்திரண்டாயிரம்னு போட்டுரட்டாய்யா? எல்லாரும் அதான் போடுதாங்க" என்றது. எழுபத்திரண்டாயிரம்! மாசம் ஆறாயிரம்! அவரிடம் வேலை பார்த்தவனுக்கே அதைவிட அதிகம். "என்னைப் பிச்சைக்காரன்னு எழுதப் போறியா? ஆறு லட்சம்னு போடு!" என்று மேசையைத் தட்டினார். விசாரிக்க வந்த வி.ஏ.ஓ.வும் கேட்டார், "விக்கிற தொகையா, கையில நிக்கிற தொகையா?" என்று. அன்று பட்டறையில் ஐந்து ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேர் காதிலும் விழ, "கையில நிக்கிறதுதான்" என்றார்.

"இதைத் திருத்த முடியாதா? இப்ப ரெண்டரைன்னு வாங்கிட்டு வாரேன்."

"படிப்பு ஆரம்பிச்ச வருஷத்துச் சான்றிதழ்தான் கணக்கு ஐயா. மானியமும் அந்தந்த வருஷம் கேட்டு வாங்கணும். அதெல்லாம் முடிஞ்சுபோச்சு."

வாசலுக்கு வந்ததும் அனுசுயா வெடித்தாள்.

"பால்ராஜ் மாமா குறைச்சுச் சொன்னதும் பொய், நீங்க கூட்டிச் சொன்னதும் பொய். அவரு பொய்க்குக் காசு கிடைச்சுது. உங்க பொய்க்கு நான் கட்டுதேன்!"

"ஏட்டி, ரோட்டுல நின்னு பேசாத."

"ஆறு லட்சம் முதலாளி வீட்டுப் பொண்ணு ரோட்டுல பேசக் கூடாதோ? உண்மையச் சொல்லியிருந்தாப் போதுமேப்பா. ரெண்டரை என்ன அசிங்கமா?"

அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கையால் சட்டைப் பையைத் தடவினார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு திரும்பிப் பேங்குக்குள் போனார்.

"இந்த வட்டிய மட்டும் கட்டினா என்னாகும்?"

"முப்பதாம் தேதிக்குள்ள கட்டினா அசலோட சேராது ஐயா. நாலு லட்சத்துக்கு மட்டும் தவணை போடுவோம். ஐயாயிரத்து நூத்தித் தொண்ணூத்தெட்டு. கட்டலைன்னா இந்த வட்டியும் அசலாயிரும். அப்புறம் அதுக்கும் வட்டி."

முப்பதுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த ஞாயிறு ராஜமணி நடத்தும் இரண்டு லட்சம் சீட்டு ஏலம். நாற்பது பேர், மாசம் ஐயாயிரம். கொம்பையா எந்தச் சீட்டிலும் கடைசி ஆளாகத்தான் எடுப்பார். அவசரத்துக்கு ஆயிரக்கணக்கில் குறைத்து, தள்ளி எடுப்பவனைக் கண்டால் கேலி பேசுவார். அன்று முதல் குரலே அவருடையது.

"முப்பது தள்ளி."

"என்ன மச்சான், முதலாளிக்கு முடையா?" பால்ராஜும் அதே சீட்டில் இருந்தார். "முப்பத்தஞ்சு."

"நாப்பது."

"நாப்பத்தஞ்சு." பால்ராஜ் சிரித்துக்கொண்டே ஏற்றினார். அவருக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. தள்ளுகிற தொகை கூடினால் மற்றவர்களுக்குப் பங்கு கூடும்.

"அம்பது! இதுக்கு மேல கேக்கணும்னா நீரே எடும். ஊருக்கே தெரியட்டும், லாரிக்காரனுக்கு எழுபத்திரண்டாயிரம் வருமானத்துல சோறு பத்தலைன்னு!"

கூட்டம் சிரித்தது. பால்ராஜ் புலிநகத்தைத் தொட்டுக்கொண்டு ஏலத்தை விட்டுவிட்டார். கமிஷன் போகக் கையில் வந்தது ஒன்று நாற்பது. ஐம்பதாயிரம் காற்றில் போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கொம்பையா பல்லைக் கடித்தார். பால்ராஜை வைதார், பேங்கை வைதார், கேட்க ஆளில்லாத இடத்தில் தன்னையும் வைதார்.

இருபத்தெட்டாம் தேதி அனுசுயா லீவு போட்டு வந்தாள். பேங்கில் சலான் எழுதினாள். அவர் இடுப்பிலிருந்த பையை நீட்டினார்.

"எண்ணிக் கொடுங்க," என்றாள். கோபம் இன்னும் இறங்கவில்லை.

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஆறு லட்சம்னு சொன்ன ஆளுதான நீங்க?"

பின்னால் நின்ற கிழவர் ஒருவர் இருமினார். கொம்பையாவுக்கு முகம் சிவந்தது. இருந்தும் நகரவில்லை.

"தப்பு என்னுதுதாம்ட்டி. கைய விரி."

அவள் விரித்தாள். எச்சில் தொட்டு, ஒவ்வொரு ஐநூறு ரூபாய் நோட்டாக, உரக்க எண்ணி வைத்தார். நூறானதும் அவள் அதை ரப்பர் போட்டு இடது கக்கத்தில் இடுக்கினாள், மறுபடி விரித்தாள். இருநூறு. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் குரலைக் குறைக்கவில்லை. "இருநூத்தி அம்பத்தஞ்சு," என்று வைத்தார். கடைசி நோட்டைத் திருப்பிப் பார்த்து, கசங்கிய மூலையை நிமிர்த்தி, "இருநூத்தி அம்பத்தாறு," என்று அவள் உள்ளங்கையில் அழுத்தி வைத்தார்.