அம்பின்மேல் விழுந்த அம்பு

என் மாணவி ஒருத்தியின் எம்.எட். பட்டம் என்னால் போனது. அவள் செய்த தவறு எதுவுமில்லை.

மாணவர்களின் வாசிப்புப் பழக்கம் பற்றிய சிறிய ஆய்வு அது. நான்தான் வழிகாட்டி. எது எதைப் பாதிக்கிறது என்று காட்ட அவள் வரைந்து வந்த கருத்துச் சட்டகப் படத்தில், இடப்பக்கக் கட்டத்தில் பெற்றோரின் படிப்பு. வலப்பக்கத்தில் வாசிப்புப் பழக்கம். இரண்டையும் இணைத்து ஓர் அம்பு. ‘வீட்டில் வாசிப்பைக் கேட்பவர்’ என்ற மூன்றாவது கட்டம் மேலே இருந்தது. அதிலிருந்து இறங்கிய அம்பு எந்தக் கட்டத்தையும் தொடாமல், நடுவிலிருந்த அம்பின்மேல் வந்து நின்றது.

“என்னம்மா இது, அம்புமேல அம்பு விடுத? கட்டத்துல போய் முட்டணும்லா?”

“இல்ல சார். படிக்காத அம்மைக்குக்கூட பிள்ளைங்க சத்தமா வாசிச்சுக் காட்டுதுவ. கேக்க ஆளு இருந்தா, பெத்தவங்க படிச்சிருக்காங்களா இல்லையாங்கிறது அவ்வளவா பாதிக்காது. அதான் அந்த உறவு மேலயே அம்பு.”

அவள் சொன்னது சரி. ஒரு காரணி மற்ற இரண்டின் உறவைக் கூட்டவோ குறைக்கவோ செய்தால் அப்படித்தான் வரைய வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் அதை ஏற்றால் வினாநிரலில் புதிய கேள்விகள் சேர்க்க வேண்டும். கணக்கீட்டையும் மாற்ற வேண்டும். எனக்குச் சோம்பல். அந்தக் கட்டத்தின் குறுக்கே கோடு போட்டேன்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்டார்: “படிக்காதவங்க பிள்ளைகள் பலர் நல்லா வாசிக்கிறாங்கன்னு உங்க அட்டவணை சொல்லுது. உங்க சட்டகத்துல அதுக்கு விளக்கமே இல்லையே?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

திருத்தி மறுபடி கொடுக்கச் சொன்னார்கள். புதிய கேள்விகளோடு மறுபடி எல்லாரிடமும் போக அவளால் முடியவில்லை; கொடுக்கவில்லை. காலக்கெடுவும் முடிந்துபோனது.

ஓய்வுபெற்ற பிறகு, சேரன்மகாதேவியில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரிஞ்சுதான் அந்தக் கட்டத்தை அடிச்சீங்களா? தெரியாம அடிச்சீங்கன்னுல்லா இவ்வளவு நாளும் உங்களை விட்டுக்கொடுக்காம பேசிட்டு இருந்தேன்.”

அந்த ஆய்வை இந்தப் பள்ளியிலேயே மறுபடி செய்யலாமா என்று கேட்டேன். பட்டம் வராது என்பதையும் சொன்னேன்.

“செய்யலாம். ஆனா வழிகாட்டின்னு யாரும் கிடையாது. வினாநிரலை நகல் எடுத்து, அடுக்கித் தருவீங்களா சார்?”

தருகிறேன் என்றேன். படம் அவளே வரைந்தாள். விளக்கத்தையும் அவளே எழுதினாள். நான் நகல் எடுத்து, பிள்ளைகளிடம் வினாநிரலைக் கொடுத்துத் திரும்ப வாங்கினேன்.

அதற்கு முன், முன்னோட்டமாகச் சில பிள்ளைகளிடம் வாயாலேயே கேட்டுப் பார்த்தோம். ‘நீ வாசிப்பதை வீட்டில் யார் கேட்பார்கள்?’ என்ற கேள்விக்கு ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி உடனே சொன்னாள்:

“எங்கம்மை. பீடி சுத்திக்கிட்டே கேப்பா. கதை முடியாம என்னைய எந்திரிக்க விடமாட்டா.”

அவளுடைய டீச்சரான என் மாணவி சிரித்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “எழுதிக்கோங்க சார்” என்றாள். எழுதிக்கொண்டேன்.