வாழைப்பழச் சாம்பலும் அக்காவின் கேள்விகளும்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். அறுபதுகளில் பம்பாயில், டிராம்பே பக்கம் ஓர் அணு ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. சந்தையில் வாங்கிய உணவை எரித்துச் சாம்பலாக்கி, அதில் எவ்வளவு கதிர்வீச்சு என்று எண்ணிச் சொல்ல வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ அணுகுண்டு வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அந்தத் தூசு நம் சோற்றில் விழுகிறதா என்பதுதான் கவலை.

தாராவியில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அத்தானுக்குத் தோல் பட்டறையில் வேலை. அக்காவுக்கு அப்போது நாலு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. தெம்புக்காகத் தினமும் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு வந்தாள், அந்த இரண்டு தடவையும்கூட.

ஒரு நாள் மாட்டுங்கா சந்தையில் வாங்கிய இரண்டு டஜன் பழத்தை உரித்து, காயவைத்து, உலையில் எரித்தோம். இரண்டு மூன்று ஸ்பூன் சாம்பல் தேறியது. வெளிக்கதிர் படாதபடி ஈயக்கட்டிகளுக்கு நடுவே வைத்து மெஷினில் எண்ணினால், அன்றைக்கு வந்த சாமான்களிலேயே அதுதான் அதிகம். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் பீற்றிக்கொண்டேன்.

"ஏக்கா, இன்னைக்கு எங்க கதிர் எண்ணுற மெஷின்ல வாழப்பழந்தான் ஃபர்ஸ்ட்டு!"

அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டு, சாப்பிட்டு எழுந்துவிட்டேன். எங்களுக்கு அது தினப்படி விஷயம். பழத்திலுள்ள பொட்டாசியம் இயற்கையாகவே விடும் கதிரைத் தனியாகக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு, மிச்சம் ஏதாவது இருந்தால்தான் குண்டுத் தூசு என்று பார்ப்போம். அன்று கழித்த பிறகு சொல்லும்படி ஒன்றுமில்லை. அதை நான் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தான் வாங்கி வந்த ஒரு சீப்புப் பழம் குப்பைத் தொட்டியில் அப்படியே கிடந்தது.

"பக்கத்து வீட்டுக்காவது குடுத்திருக்கலாம்லா?" என்றேன்.

"அவ பிள்ளைக்கு மட்டும் ஆவுமா?" என்றாள்.

அன்றைக்கு நான் பீற்றிக்கொண்ட பேச்சுதான் காரணம் என்று புரிந்தது. எதிரே உட்கார்ந்தேன். அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன்.

"பழத்துல அது எப்பிடில வந்துச்சு? குண்டுலருந்தா?"

"இல்லக்கா. பொட்டாசியம்னு ஒரு சத்து. மண்ணுல இருக்கு, வேர் உறிஞ்சுது. அதுல பத்தாயிரத்துல ஒண்ணு போல வேற மாதிரி அணு. அது தானா உடைஞ்சு கதிர் விடும். பூமி உண்டான நாள்லருந்தே இருக்கு."

"வாழையில மட்டுந்தானா?"

"உருளக்கிழங்கு, பருப்பு, பால், இளநி, எல்லாத்துலயும். சாம்பலாக்குனா தண்ணியெல்லாம் போயி, ரெண்டு டஜன் பழத்துல உள்ளது ஒரு சின்னத் தட்டுல வந்துருது. அதனாலதான் மெஷின் அப்பிடிக் கத்துச்சு. ஒத்தப் பழத்துல செகண்டுக்குப் பதினஞ்சு அணு போல உடையும். ஒண்ணுமே இல்ல."

"எல்லாத்தயும் விட்டுட்டா?"

"பொட்டாசியம் இல்லேன்னா நெஞ்சு துடிக்காதுக்கா. உன் உடம்புல எப்பவும் அது இருக்கு. செகண்டுக்கு ஆயிரக்கணக்குல உடைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. தின்னது கூடிப்போனா கிட்னி ஒண்ணுக்குல வெளிய தள்ளிரும். தினம் ஒரு பழம் தின்னாலும் சேந்துக்கிட்டே போவாது."

"நீ பாத்தியா?"

"எங்க ஆபீஸ்ல ஒரு இரும்பு ரூம்ல என்னையே படுக்கவச்சு, உடம்புல உள்ள கதிர எண்ணுனாங்க. அன்னைக்கு நான் பழமே தின்னல. அப்பவும் பொட்டாசியம் காட்டுச்சு."

அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு உள்ளயும் இருக்கா?"

"இருக்கு. உன் ரத்தத்துலருந்து போவுது. அது இல்லாம வளரவே முடியாது."

"போன ரெண்டுக்கும் இருந்துச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து நாளாக இவள் பயந்தது வரப்போகிற பிள்ளைக்காக மட்டுமில்லை. சண்டாளன் நான், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து என்ன பேச்சு பேசியிருக்கிறேன்!

"இருந்துச்சுக்கா. எல்லாருக்கும் இருக்கதுதான். அதுனால கலையல. எதுனாலன்னு எனக்குத் தெரியாது. பழத்தால இல்ல, அது நிச்சயம்."

"அப்ப நான் அதுகளுக்கு ஒண்ணும் பண்ணலயே?"

"இல்லக்கா."

அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோதும் அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ஓடி, ஒரு சீப்பு வாங்கி வந்தேன்.

ஒரு பழத்தை உரித்து, பாதியைப் பிட்டு என் கையில் வைத்தாள். மீதியை மெதுவாகத் தின்றாள். தோலை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏல, அன்னைக்கே இன்னும் ரெண்டு வார்த்த சேத்துச் சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா?"

என் கையிலிருந்த பாதிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.