பின்னால் ஒட்டிய மலை

எங்கள் ஸ்டுடியோவில் அவரைச் சொந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. கத்தரி என்பதுதான் பெயர். அவர் நிஜக் கத்தரிக்கோலைத் தொட்டுப் பல வருடம் இருக்கும். கம்ப்யூட்டரில் ஆளை வெட்டி எடுக்கிற வேலைக்காக முதலாளி வைத்த பெயர் அது. நான் முன்னால் கவுண்டரில் ஆர்டர் எடுப்பேன். அவர் பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பார். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம். ஆனால் வேலையில் அவருக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் திமிரால் ஒரு வீடு என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் ஒருவர், மனைவியோடும் நாலு வயது மகளோடும் வந்து படம் எடுத்துக்கொண்டார். பின்னால் சாம்பல் நிறத் துணி, இரண்டு பக்கமும் விளக்கு, மூன்று பேரும் முழங்கால் வரை. சில மாதம் கழித்து அவர் மட்டும் தனியாக வந்தார். துணியை எடுத்துவிட்டு மலை வைக்க வேண்டும் என்றார். மலைப் படத்தையும் அவரே போனில் கொண்டுவந்திருந்தார். நாடகத் திரைச்சீலை மாதிரி இருக்கக் கூடாது, போய் நின்று எடுத்த மாதிரி இருக்கணும் என்று இரண்டு தரம் சொன்னார். மூலையில் ஒரு தேதியும் போடச் சொன்னார். தேதி போடச் சொல்லிப் பத்துப் பேர் கேட்பார்கள். நானும் எழுதிக்கொண்டேன். அந்தத் தேதி படம் எடுத்த தேதி இல்லையே என்று எனக்கு உறைக்கவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

‘போய் நின்று எடுத்த மாதிரி’ என்ற சொல் கத்தரி அண்ணனைப் பிடித்துக்கொண்டது. சாதாரணமாக அரைமணியில் முடிக்கிற வேலைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். டீ கொடுக்கப் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். முதலில் உடைகளின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தார். தலைமுடிக்கு அந்தக் கோடு ஆகாது. சின்னப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இழையாக மீட்டெடுத்தார். துணியை அழிக்க மாட்டார், மறைத்துத்தான் வைப்பார். தப்பாகப் போனால் திருப்பி வரவழைக்கலாம் அல்லவா. அந்த அம்மாளின் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில் சாம்பல் துணி அப்படியே தெரிந்தது. அவசரக்காரர்கள் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் அது. அதையும் தோண்டி எடுத்தார். வெளிர் சாம்பல் துணி முன்னால் நின்றவர்களின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு மிஞ்சும். வெட்டின எல்லையை ஒரு மயிரிழை உள்ளே தள்ளி அதையும் போக்கினார்.

ஆட்கள் மேல் பலமான வெளிச்சம் இடப்பக்க விளக்கிலிருந்து விழுந்தது. மலையில் வெயில் வலப்பக்கம். மலையைத்தான் திருப்பிப்போட வேண்டும், ஆளைத் திருப்பினால் சட்டைப் பை பக்கம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். கேமரா நெஞ்சு உயரத்தில் இருந்ததால் அடிவானத்தையும் அவர்கள் நெஞ்சு உயரத்தில் வைத்தார். மலையைக் கொஞ்சம் மங்கலாக்கினார், முகங்களின் நிழல்களில் துளி நீலம் சேர்த்தார், கடைசியில் ஆட்கள் மேலும் மலை மேலும் ஒரே மாதிரி மணல்போல் மெல்லிய புள்ளிகளைத் தூவினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவரோ கண்களைப் பெரிதாக்கிக் காட்டினார். ஆறு கண்ணிலும் எங்கள் விளக்குகள் இரண்டு வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தன.

“மலையில ஏதும்மா சதுர விளக்கு?” என்றார். அவற்றை அழித்துவிட்டு, மேலே வானம் பட்ட மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம் வைத்தார். படத்தைப் பார்த்தபோது எனக்கே குளிரெடுத்தது. அன்றைக்கு அவர் சிரித்தார், நான் பார்த்தேன்.

பிரிண்ட் போனதும் ஆள், மலை என்று தனித்தனியாக இருக்கும் எல்லா அடுக்கையும் ஒன்றாக்கி, வேலை செய்த கோப்பை அழித்துவிட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்பார். மூலப்படங்களும் ஆறு மாதத்துக்கு மேல் தங்காது.

இரண்டு வருடம் கழித்து அந்த அம்மாள் வந்தார். அடையாளமே தெரியாத அளவுக்கு இளைத்திருந்தார். கையில் அந்தப் படத்தின் நகல். அவர் அழவில்லை, வரிசையாகச் சொன்னார். படத்தில் போட்டிருக்கும் தேதிக்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரம் புருஷன் அவரை அடித்துப் பின்னறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தானாம். வெளியே வந்ததும் உயிர் தப்பினால் போதும் என்று ஓடியவர், மகளைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. துணி முன்னால் எடுத்த பழைய பிரிண்ட்டும் அவன் வசமே போய்விட்டதாம். இப்போது குழந்தைக்காகக் கோர்ட்டில் நிற்கிறார். அவனோ, அந்த வாரம் குடும்பத்தோடு மலைக்குப் போயிருந்தோம் என்று படத்தை நீட்டிவிட்டான்.

“அண்ணே, நான் மலையையே பாத்ததில்லை” என்றார் கத்தரி அண்ணனிடம். “இது ஒட்டினதுன்னு ஏதாவது ஒரு இடம் காட்டிக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்.”

அவர் நகலை ஸ்கேன் செய்து திரை முழுக்கப் பெரிதாக்கினார். முடி, முழங்கை, ஓரம், நிழல் என்று ஒன்று விடாமல் தேடினார். கண்களுக்கு வந்ததும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார். நான்தான் அந்த அம்மாளைப் பார்க்க முடியாமல் கவுண்டருக்கு வந்துவிட்டேன்.

கோர்ட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றார் கத்தரி அண்ணன். ஊர் வம்பை விலைக்கு வாங்காதே, போனால் அப்படியே போய்விடு, வேலைக்குத் திரும்பி வராதே என்றார் முதலாளி. அண்ணன் அப்படியே போனார். நான் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டுக் கூடப் போனேன்.

அது கோர்ட்டுக்குள்ளேயே ஓர் அறை. நீள மேசை, விசாரிக்கிற அதிகாரி அம்மா, இரண்டு பக்க வக்கீல்கள். கத்தரி அண்ணன் தன் வாழ்நாளிலேயே அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான். வெட்டியது, திருப்பியது, நீலம் சேர்த்தது என்று எதையும் விடவில்லை. ஹார்டுவேர்காரரின் வக்கீல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“கண்ணுல விளக்கு தெரிஞ்சுதுன்னு சொல்றீங்க. இந்தப் படத்துல தெரியுதா?”

“இல்ல. நான் அழிச்சுட்டேன்.”

“வேற எங்கயாவது தப்பு இருக்கா?”

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லைங்க” என்றார். “நான் தப்பு விடமாட்டேன்.”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வேலையை விட்டுத் துரத்தப்பட்ட ஆள், ஸ்டுடியோ மேல் கோபம், யாரோ பேசச் சொல்லிப் பேசுகிறார் என்று மட்டும் அதிகாரி அம்மாவிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆர்டர் எடுத்தவள் நான்தான் என்று எழுந்து சொன்னேன். ரசீது இருக்கிறதா என்றார்கள். ரசீதில் ‘பிரிண்ட்’ என்றுதான் நான் எழுதியிருந்தேன்.

பிறகு குழந்தையைக் கூப்பிட்டார்கள். அதற்கு இப்போது ஆறு வயது. அந்தப் படம் இரண்டு வருடமாக அதன் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே தொங்குகிறதாம். அதிகாரி அம்மா படத்தைக் காட்டி, இங்கே போனது ஞாபகம் இருக்கா என்று கனிவாகத்தான் கேட்டார்.

குழந்தை யோசிக்கக்கூட இல்லை. ரொம்பக் குளிராக இருந்தது என்றாள். பஸ்ஸில் வாந்தி எடுத்தேன் என்றாள். அப்பா தோளில் தூக்கிவைத்து மேகத்தைத் தொடச் சொன்னார் என்றாள். யாரும் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கிற முகம் இல்லை அது. அவளைப் பொறுத்தவரை நிஜமாகவே போய்வந்திருந்தாள். அதிகாரி அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வழக்கு முடியும்வரை குழந்தை அப்பாவிடமே இருக்கட்டும், அம்மா மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம் என்று ஆனது.

வெளியே வராந்தாவில் ஐந்து நிமிடம் பேசிக்கொள்ள விட்டார்கள். அந்த அம்மாள் மண்டியிட்டு மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்சம் தள்ளி அப்பன் வண்டிச் சாவியோடு நின்றான். குழந்தைக்கு ஏதோ குழப்பம்.

“நீ வரவே இல்லைன்னு சொன்னியாமே. நீயும்தானேம்மா வந்தே? என் பக்கத்துலதானே நின்னே?”

அந்த அம்மாள் எங்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஆமா கண்ணு. வந்தேன். உன் பக்கத்துலதான் நின்னேன்.”

கத்தரி அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.