அதே கை

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை வங்கியும் அவர் அம்மாவும் மட்டுமே உபயோகித்தார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் ஆஃப் அண்ணன். லேப்டாப், டிவி, மானிட்டர் என்று திரையுள்ள எதைக் கொண்டுபோனாலும், அதன் நோயைக் கேட்பதற்கு முன்னால் கொண்டுவந்தவரின் ஒழுக்கத்தைக் கேட்பார்: "ஆஃப் பண்ணிட்டுப் புடுங்கினீங்களா, ஓடும்போதே புடுங்கினீங்களா?" கடைச் சுவரிலும் அதையே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்.

லேப்டாப்பை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளில் பத்தொன்பது பின்கள். அதில் ஒன்று, எதிரே ஒரு கருவி செருகப்பட்டதா என்று சொல்வதற்காகவே இருக்கிறது. ஆக, ஓடும்போதே செருகலாம் என்றுதான் அதை உருவாக்கியவர்கள் நினைத்தார்கள். ஆயிரம் வீடுகளில் ஒன்றும் ஆவதில்லை. ஆயிரத்தோராவது வீட்டில் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் அரிசி மணி அளவுச் சிப் செத்துப்போகிறது. அண்ணன் அந்த ஆயிரத்தோராவது வீட்டை மட்டுமே பார்த்தவர். அதனால் மனித குலத்தைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அந்த வீடுகளில் ஒன்று டியூஷன் டீச்சருடையது. கணவரின் லேப்டாப்பை டிவியில் மாட்டித்தான் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருவார். முதல் தடவை டிவியில் படம் வரவில்லை என்று கொண்டுவந்தபோது அண்ணன் தன் கேள்வியைக் கேட்டார்.

"ஓடும்போதேதான் மாட்டுவேன், சார். எல்லாரும் அப்படித்தானே மாட்டுறாங்க?"

"வீட்ல கார்ப்பெட் இருக்கா?"

"இருக்கு."

"காலைத் தேச்சு நடந்து வந்து கேபிளைத் தொட்டா டப்புன்னு ஒண்ணு அடிக்குமே, தெரியுமா? உங்களுக்கு அது கொசுக்கடி. சிப்புக்கு இடி."

இதில் தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. டீச்சரின் கணவர் போனில் காரணம் கேட்க, அண்ணன் போனை வாங்கி, "டீச்சர் கைதான் சார்" என்றார். சிப்பை மாற்றிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் லேப்டாப் திரும்பி வந்தது. இந்தத் தடவை கணவர் கேட்காமலே அண்ணன் சொன்னார்: "அதே கைதான் சார்."

அந்த இரண்டு வார்த்தைக்கு அந்த வீட்டில் என்ன விலை என்று அண்ணன் யோசிக்கவில்லை. கடையிலிருந்து வீடு வந்ததும் லேப்டாப் அலமாரிக்குள் போனது. சாவி கணவரின் சட்டைப்பைக்குள் போனது. டீச்சர் பிள்ளைகளுக்குப் பின்னத்தை நோட்டில் வரைந்து காட்டினார். ஆறு பிள்ளைகளில் இரண்டு வேறு டியூஷன் பார்த்துக்கொண்டன.

அதற்கு முன், இரண்டாவது சிப்பைப் போட்டுக் கொடுக்கும்போதே அண்ணன் ஒரு காரியம் செய்தார். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ வாயின்மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேல் தேதியும் கையெழுத்தும் போட்டார்.

"இது கிழிஞ்சிருந்தா என்கிட்ட வராதீங்க. அப்புறம் உங்களுக்கும் எனக்கும் பேச்சில்லை."

திருடனைப் பிடிக்க வைத்த பொறி என்று அவருக்கு ஒரு பெருமை. பக்கத்துச் சாவிக்கடைக்காரரிடமும் அதைச் சொல்லிவைத்தார்.

நான்கு நாள் கழித்து டீச்சர் வந்தார். ஸ்டிக்கர் கிழியவில்லை.

"என்ன டீச்சர், மாட்டவே இல்லையா?"

"தொடவே இல்ல சார். நீங்களே பிரிச்சு, நீங்களே மாட்டிக் காட்டுங்க. எப்படி மாட்டணும்னு நான் பார்த்துக்கிறேன். இனிமே யாரும் என்னை ஒண்ணும் சொல்லக்கூடாது."

சாவிக்கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். "டாக்டர் பாடம் எடுக்கிறாரா? நானும் படிச்சுக்கிறேன்."

அண்ணனுக்கு இதைவிட நல்ல நாள் வாய்த்ததில்லை. லேப்டாப்பை ஆஃப் செய்தார். கடை மானிட்டரை ஆஃப் செய்தார். "ரெண்டோட பிளக்கையும் சுவத்துலேர்ந்து எடுத்துடுங்க. ஸ்டாண்ட்பைல இருக்கிறது ஆஃப் இல்ல, தூங்குற மாதிரி நடிப்பு." எர்த் இணைந்த இரும்பு மேசைக் காலைத் தொட்டார். "உடம்புல இருக்கிற கரண்ட்டை இங்க இறக்கிடணும். அப்புறம் ஒயரைப் புடிக்காம தலையைப் புடிச்சு, நேரா, ஆட்டாம உள்ள விடணும். மாட்டி முடிச்சப்புறம்தான் கரண்ட்."

ஸ்டிக்கரைக் கிழித்தார். மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார்.

திரை கறுப்பாக இருந்தது. 'சிக்னல் இல்லை' என்று ஒரு பெட்டி மிதந்து அலைந்தது.

கேபிளை மாற்றினார். வேறு மானிட்டரில் பார்த்தார். இல்லை.

"பொறியில மாட்டினது யாருய்யா?" என்றார் சாவிக்கடைக்காரர்.

நான்கு நாளுக்கு முந்தைய மத்தியானம் அண்ணனுக்கு நினைவு வந்துகொண்டிருந்தது. புதுச் சிப் போட்டு மாட்டியதும் படம் வந்தது. பிடுங்கினார். இன்னொரு தடவை பார்க்கலாமே என்று செருகினார். அதற்குள் போன் அடித்தது. திரையைப் பார்க்காமலே பிடுங்கிவிட்டு, ஸ்டிக்கரை ஒட்டினார். இரண்டு தடவையும் எதையும் ஆஃப் செய்யவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை மாட்டிக் கழற்றுகிறவர் நாற்பது தடவையும் ஆஃப் செய்துகொண்டிருக்க முடியுமா? சுவரில் ஒட்டியது வாடிக்கையாளருக்கு.

அவர் மெல்ல மானிட்டர் பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். எர்த் பின் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நுழையவில்லை என்று போன வருஷம் அவரே வெட்டியது. மானிட்டரின் இரும்பு விளிம்பில் புறங்கை பட்டால் 'சுர்' என்று ஒரு கூச்சம் வரும். "எனக்கு வணக்கம் சொல்லுது" என்று வேடிக்கையாகச் சொல்வார்.

பழைய கேபிளையே திரும்ப அந்த மானிட்டரில் மாட்டினார். மீட்டரை எடுத்து, கேபிளின் மறுமுனை உலோகத்துக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். தொண்ணூற்றாறு வோல்ட்.

"அவ்வளவா! ஆளைக் கொன்னுடாதா?" என்றார் டீச்சர்.

"ஆளை ஒண்ணும் பண்ணாது. கசியற கரண்ட் கொஞ்சம்தான்." அவர் குரல் இறங்கியிருந்தது. "ஆனா மூணோ அஞ்சோ வோல்ட்ல வேலை செய்யற சிப்புக்கு... சாதாரணமா கேபிளோட வெளி உலோகம்தான் முதல்ல படும், கசியறதெல்லாம் அது வழியாப் போயிடும். இந்தக் கேபிள் நான் மாட்டி மாட்டி வாய் லொடலொடன்னு ஆயிடுச்சு. பின் முதல்ல பட்டிருக்கும்."

"அப்போ ரெண்டாவது தடவை சிப் போனதும்...?"

"இருக்கலாம்."

"முதல் தடவை?"

"அது உங்க கார்ப்பெட்டா இருக்கலாம்." நேர்மை அங்கே ஒரு கணம் தன் பங்கைக் கேட்டது. பிறகு அதற்கே வெட்கமாகிவிட்டது. "தெரியல டீச்சர். தெரியாமதான் சொன்னேன்."

சாவிக்கடைக்காரர் ஒரு கேலிக்கு வாயெடுத்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார். தன் கடைக்குத் திரும்பினார். அவர் கேலி செய்திருந்தால் தேவலை என்று அண்ணனுக்குத் தோன்றியது. இந்தக் கேள்வியைக் கேட்டு அவர் தலைகுனிய வைத்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒரு பெரியவர், "ஆமாம்பா, நான்தான் அவசரப்பட்டேன்" என்று மன்னிப்புக்கூடக் கேட்டிருந்தார்.

"சிப்பை மாத்திடறேன். இந்தத் தடவை எல்லாம் என் பொறுப்பு."

"சிப் இருக்கட்டும் சார்" என்றார் டீச்சர். போனில் கணவரின் எண்ணை அழுத்தி, மேசைமேல் வைத்தார். "போன தடவை நீங்கதான் பேசினீங்க. இந்தத் தடவையும் நீங்களே பேசுங்க."

அண்ணன் போனை எடுத்தார். காது சிவந்திருந்தது.

"என்ன சார், மறுபடியுமா?" என்றது அந்தப் பக்கம். "எனக்குத் தெரியும். திரும்பவும் கைய வச்சுட்டாளா?"

அண்ணன் திரும்பினார். நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரில், பெரிய எழுத்தில், அவருடைய கேள்வியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஸ்டிக்கர் கிழியல சார். அதே கைதான்" என்றார். "என் கை. போன தடவையும் அநேகமா என் கைதான். டீச்சரைச் சொன்னது தப்பு."

அந்தப் பக்கம் "சரி, அவளையும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க" என்றது.

"டீச்சருக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல சார். அலமாரிச் சாவியை மட்டும் கொடுத்துடுங்க."

அலமாரி விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று டீச்சர் திகைத்தார். அன்று கடைக்கு வந்து லேப்டாப்பைக் கொடுக்கும்போது, "அவரு அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுக்கவே ரெண்டு நாளாச்சு" என்று அவரே சொல்லியிருந்தார். அப்போது அண்ணனுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

டீச்சர் போனபிறகு அண்ணன் அன்றைய வேலையைத் தொடங்கவில்லை. மானிட்டருக்கு மூன்று பின் உள்ள புது ஒயர் போட்டார். லொடலொடத்த கேபிளை இரண்டாக வெட்டினார். சுவரிலிருந்த தாளைக் கிழிக்கவில்லை. அதை எடுத்து, மேசையின் முன்பக்கக் கண்ணாடியில், வாடிக்கையாளருக்கு முதுகும் தன் நாற்காலிக்கு முகமுமாகத் திருப்பி ஒட்டினார்.