மூன்றாம் அடியில் புதைபவன்

செல்போன் விளையாட்டு தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஓவியப் பெண், வேண்டுமென்றே கதாநாயகனை நொண்ட வைத்துவிட்டாள் என்று பேச்சு. விசாரிக்கப் போனேன்.

திரையில் அவன் நடந்தான். மூன்றாம் அடியில் தரைக்குள் புதைந்தான். ஐந்தாவதில் தலை பூசணிக்காயாய் வீங்கியது.

"நான் கெடுக்கலைங்க. சரி பண்ணாம விட்டேன், அவ்வளவுதான்."

படம் வரையச் சொல்லி ஏஐக்கு அவள் எழுதிய ப்ராம்ப்டில் குறையில்லை. பக்கவாட்டு நடை, எட்டுப் படம், சம இடைவெளி, ஒரே உடலளவு, பாதங்கள் ஒரே கோட்டில். ஏஐ புது மாப்பிள்ளை போலத் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு வரையும். விளையாட்டோ எட்டுப் படமும் வரிசையாக உள்ள அந்தத் தாளை எட்டுச் சமத் துண்டாகத்தான் வெட்டும். படம் விலகியிருந்தால் ஆள் துள்ளுவான். ஆறு மாதமாக அவள் ஒவ்வொன்றையும் வெட்டி, தலையை அளந்து, பாதத்தைக் கோட்டில் நிறுத்தி, யாரிடமும் மூச்சுவிடாமல் கொடுத்துவந்தாள்.

"என்னமா ப்ராம்ப்ட் எழுதுறேன்னு முதலாளி புகழ்ந்தாரு. வாயைத் திறக்க மனசு வரலை."

புகழ்ந்த முதலாளி, இனி ஒரு ஆள் போதும் என்று அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வரைந்துகொண்டிருந்த அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். மறுவாரம்தான் இவள் தாளைத் திருத்தாமல் கொடுத்தாள்.

முதலாளி பார்த்தார். "ப்ராம்ப்டை இன்னும் நல்லா எழுதும்மா."

அண்ணனைத் திரும்பக் கூப்பிடவில்லை. அண்ணன்தான் இவளுக்குப் போன் செய்தார்: "கையாலதான் சரி பண்றேன்னு முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, தங்கச்சி?"