புகாரே வராத சாஜன்

கோட்டயத்தில் எங்கள் கடை டிவிகளை வீடுகளில் மாட்டிக் கொடுக்கும் சாஜன் மேல் ஆறு வருடமாக ஒரு புகார் கிடையாது. காரணம் எளியது. எந்த வீடானாலும் டிவியின் ஒலியைப் பிசிஎம் என்ற அமைப்பில் வைத்துவிடுவான். பிட்ஸ்ட்ரீம் என்ற இன்னொன்றில் வைத்தால் டிவி ஒலியைப் பிரிக்காமல் அப்படியே தனக்குக் கீழே இருக்கும் சவுண்ட்பாருக்கு அனுப்பும். சவுண்ட்பாருக்கு அதைப் பிரிக்கத் தெரியாவிட்டால் சத்தமே வராது. அந்த ஆறு வருடத்துக்கு முன்பு ஒருமுறை அப்படி ஆகி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். பிசிஎம்மில் டிவியே பிரித்து, இடது வலது என்று இரண்டாகச் சுருக்கி அனுப்பிவிடும். சத்தம் நிச்சயம்.

ஓணத்துக்கு முந்தின வாரம் ரோசிலி டீச்சர் வீட்டில் படம் போட்டுக் காட்டினான். சவுண்ட்பாரோடு சேர்த்துப் பின்சுவரில் அவன் மாட்டிய ஸ்பீக்கரில் டீச்சர் காதை வைத்தார்.

"சாஜா, இது செத்துல்ல கெடக்கு? மழை பூரா முன்னாலதான் பெய்யுது."

"படமே அப்படித்தான் டீச்சர்."

"தியேட்டர்ல என் முதுகுக்குப் பின்னால பெஞ்சுது மோனே. யார்கிட்ட கதை விடுறே?"

முணுமுணுத்துக்கொண்டே பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றினான். ஒரு நொடி மௌனம். பிறகு பின்சுவரில் மழை பிடித்துக்கொண்டது.

"என் தங்கச்சி வீட்லயும் நீதானே மாட்டினே?" என்றார் டீச்சர்.

அந்த வாரமே, புகார் வராதவன் என்று முதலாளி சாஜனுக்கு ஓணத்துணி கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"பின்னால ஸ்பீக்கர் வச்ச வீடு எத்தனை இருக்கும்? ஞாபகமிருக்கா சேட்டா?"

அத்தனையையும் பேசி விற்றவன் நான்.

"ஞாபகமில்ல" என்றேன்.